ஆறு பேர், ஆறு சனிக்கிழமை

"அக்கா, வணக்கம். போன வருடம் எஸ்பிஏ எனும் பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வும் நேர்முகமும் தேறி, பட்டர்வொர்த்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பெம்பந்து தட்பீர், அதாவது நிர்வாக உதவியாளர் வேலையில் சேர்ந்தேன். எங்கள் தாமானில் எட்டு பேர், 'நீ எப்படித் தேறினாயோ அதையே எங்களுக்கும் சொல்லிக் கொடு' என்கிறார்கள். எவ்வளவு கட்டணம் வாங்கலாம்? தேறாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? அரசாங்க வேலையில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? ஒரு தாயார், ஆன்லைன் தேர்வு அன்று மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தனியாக 300 வெள்ளி தருகிறேன் என்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை."
– மா., பட்டர்வொர்த்

தங்கச்சி, வெள்ளியைப் பற்றி அப்புறம் பேசுவோம். போன வருடம்தான் சேர்ந்தீர்கள் என்றால் நீங்கள் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருப்பீர்கள். பணி உறுதிக் கடிதம் கைக்கு வராத நேரத்தில், அலுவலகத்துக்குத் தெரியாமல் கட்டண வகுப்பு நடத்துவது நீங்களே போய்த் தலையைக் கொடுப்பது மாதிரி. அரசாங்க ஊழியர்களின் நடத்தை, ஒழுங்கு பற்றிய 1993-ஆம் ஆண்டு விதிகளில் 5-ஆவது விதி வெளிவேலை பற்றியது. ஊதியம் வாங்கிக்கொண்டு வெளியில் எந்த வேலை செய்வதாக இருந்தாலும் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலை அலுவலக நேரத்தில் நடக்கக் கூடாது, உங்கள் அரசாங்க வேலையைப் பாதிக்கக் கூடாது, துறையின் நலனோடு மோதக் கூடாது. வாய்வார்த்தையாக "சரி, செய்" என்று சொன்னால் போதாது. நாளைக்கு அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் அந்த 'சரி'யும் அவரோடு போய்விடும்.

கடிதம் ஒரு பக்கம் போதும், மலாயில் எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடம், எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். கட்டணத்தை மறைத்து எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த அனுமதி, புகார் வரும் நாளில் உதவாது. பதில் வரும்வரை காசு வாங்காதீர்கள். அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு சனிக்கிழமை சும்மா சொல்லிக் கொடுப்பது என்றால்கூட மேலதிகாரி காதில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: சும்மா நடக்கும் வகுப்புக்கு மூன்றாவது வாரமும் வருகிறவர் யார் என்று தெரிந்துவிடும்.

அனுமதி வந்த பிறகும் விளம்பரத்தில் உங்கள் பதவியையோ அலுவலகத்தின் பெயரையோ போடாதீர்கள். பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவதும் அதே விதிகளில் குற்றம்தான். "எஸ்பிஏ தேர்வு தேறியவர்" என்பது உண்மை, அதைச் சொல்லலாம். அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்த படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டால், அதைப் பார்க்கிறவருக்கு "உள்ளே ஆள் இருக்கு" என்றுதான் தோன்றும்.

சரி, இப்போது வெள்ளி. என்னிடம் வருகிற எல்லாரும் முதலில் மற்றவர் எவ்வளவு வாங்குகிறார் என்றுதான் கேட்பார்கள். நான் கணக்கை வேறு முனையிலிருந்து போடுகிறேன். இந்த வகுப்பில் உங்கள் நேரத்தைத் தின்பது பாடம் நடத்துவது அல்ல, கட்டுரை திருத்துவது. ஒரு மலாய்க் கட்டுரையை ஒழுங்காகத் திருத்த எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை படிப்பேன். அடுத்ததாக இலக்கணப் பிழைகளுக்கு ஒரு நிறம், கருத்து விட்டுப்போன இடத்துக்கு வேறு நிறம். கடைசியில் இரண்டு வரியில் அடுத்த வாரம் அவர் மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயம். ஆறு பேருக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் இதற்கே போய்விடும்.

என் கடைசிக் குழுவின் கணக்கையே தருகிறேன். ஆறு பேர், ஆறு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஆளுக்கு 150 வெள்ளி, மொத்தம் 900. மண்டபத்துப் பின்னறைக்கு நாளுக்கு 30 வெள்ளி, ஆறு நாளுக்கு 180. தாள் ஆளுக்கு வாரம் 15 பக்கம், மொத்தம் 540 பக்கம், பக்கம் பத்து காசு என்று 54 வெள்ளி. கையில் நின்றது 666. வாரம் இரண்டரை மணி வகுப்பு, இரண்டு மணி தயாரிப்பு, ஒன்றரை மணி திருத்தம் என்று ஆறு மணி நேரம், ஆறு வாரத்துக்கு 36 மணி நேரம். மணிக்கு 18 வெள்ளி 50 காசு. இதில் பணக்காரியாக முடியாது. ஆனால் தாமானில் வேலை தேடிக்கொண்டிருக்கிற பிள்ளையால் இதைக் கொடுக்க முடியும், எனக்கும் சும்மா உழைத்த மாதிரி இல்லை.

பதினைந்து பேரைச் சேர்த்தால் என்ன என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பீர்கள், நானும் பார்த்தவள்தான். அதே 150 வெள்ளிக்கு 2,250 வசூலாகும். அறையும் தாளும் போக 1,935 நிற்கும். திருத்தம் வாரம் மூன்றே முக்கால் மணி நேரமாக ஏறினாலும் மணிக்கு 39 வெள்ளிக்குக் கிட்டே வரும். காகிதத்தில் இருமடங்கு. நடப்பில் அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தை யாரும் உட்கார்ந்து செலவழிப்பதில்லை. இரண்டாவது வாரமே திருத்தம் "குட், கீப் இட் அப்" ஆகிவிடும். 150 நிமிட வகுப்பில் ஆறு பேருக்கு ஆளுக்கு 25 நிமிடம் கிடைத்தது, பதினைந்து பேர் என்றால் பத்து நிமிடம். அவர்கள் கொடுத்த காசு அந்த 25 நிமிடத்துக்குத்தான்.

எண்ணிக்கைக்குச் சட்டப்படியும் ஒரு கோடு உண்டு. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 'பள்ளி' என்பதற்கான விளக்கமே, பத்து பேரோ அதற்கு மேலோ வழக்கமாகப் படிக்கிற இடம் என்பதுதான். கல்வி நிலையம் என்றால் கல்வி அமைச்சில் பதிய வேண்டும். உங்கள் வீட்டு வரவேற்பறையில் பத்தாவது நாற்காலியைப் போடும் முன் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். பெயர்ப்பலகை மாட்டித் தொடர்ந்து நடத்தப் போகிறீர்கள் என்றால் ஆறு பேராக இருந்தாலும் கேட்பது நல்லது. வியாபாரமாகப் பதிவதென்றால் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கும் உங்களுக்குத் துறை அனுமதி தேவை. வருமான வரிக்குச் சம்பளம் மட்டும் காட்டுகிறவர் பாரம் பிஇ போடுவார், வியாபார வருமானமும் இருந்தால் பாரம் பி. ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி முதல் நாளிலிருந்தே எழுதி வந்தால் இந்தப் பகுதி தலைவலி இல்லை.

தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் ஒரே கட்டணமாக வாங்காதீர்கள். எஸ்பிஏவில் தேர்வு ஒரு கட்டம், அதில் தேறியவருக்குத்தான் நேர்முக அழைப்பு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நாள் என்பது நம் கையில் இல்லை. மொத்தமாக வாங்கிவிட்டால் தேர்வில் விழுந்தவர் வராத வகுப்புக்கும் காசு கட்டியவர் ஆகிறார், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். நான் தேர்வுக் கட்டத்துக்கு 150, நேர்முக அழைப்பு வந்தவருக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமைக்கு 80 என்று பிரித்துவிட்டேன். இரண்டாவது வகுப்புக்கு முன் விலகினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதற்கு அப்புறம் விலகினால் மீதி வகுப்புகளுக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பேன். தேர்வில் தேறாததற்குத் திருப்புவதில்லை. ஆனால் வகுப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வந்தால், அதற்கு முந்தைய சனிக்கிழமை காசில்லாமல் ஒருமுறை வந்து உட்காரலாம். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி, முதல் நாளே ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

"வேலை கிடைச்சா ஆயிரம் வெள்ளி தர்றோம் டீச்சர், இப்ப எதுவும் வேணாம்" என்று சொல்லும் பெற்றோர் கட்டாயம் வருவார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். வாங்காதீர்கள். அரசாங்க ஊழியர் ஒருவர், இன்னொருவருக்கு அரசாங்க வேலை கிடைத்ததும் அந்தக் குடும்பத்திடம் ஆயிரம் வெள்ளி வாங்கினார் என்ற வாக்கியத்தை ஊழல் தடுப்பு ஆணையத்தில் ஒருவர் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். நீங்கள் கட்டுரை திருத்தியதற்கான கூலி என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். கட்டணம் எப்போதும் வகுப்புக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில், ரசீதோடு.

இனி என்ன சொல்லிக் கொடுப்பது. "நீ எப்படித் தேறினாயோ அதையே" என்று அவர்கள் கேட்பதில் ஒரு பொறி இருக்கிறது. நான் தேறிய காலத்தில் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து பென்சிலால் வட்டத்தை நிரப்பினோம். என் முதல் குழுவில், அந்தத் தேர்வில் நினைவிருந்த கேள்விகளை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். நான்கு பேரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். தேர்வில் கேள்வி வேறு விதமாக வந்தது, நால்வரில் ஒருவர்கூட நேர்முகத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து, தேர்வு எழுதிவிட்டு வருகிற பிள்ளையிடம் "என்ன கேள்வி வந்தது" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். உங்களுக்கு இது இன்னும் முக்கியம். தேர்வுக் கேள்வியைச் சேகரித்து விற்கிறார் என்று ஓர் அரசாங்க ஊழியர்மேல் புகார் போனால், அது வகுப்போடு நிற்காது.

பொது அறிவை எப்படி நடத்துவது என்பதற்கு ஓர் உதாரணம். நாடாளுமன்ற மேலவையான டேவான் நெகாராவில் மொத்தம் 70 பேர் என்று எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும், எல்லாரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். "மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுப்பவர்கள் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்டால் அறை அமைதியாகிவிடும். நான் எண்ணைச் சொல்வதில்லை. பினாங்குச் சட்டமன்றம் எத்தனை பேரை அனுப்புகிறது என்று கேட்பேன். யாராவது ஒருவர் இரண்டு என்பார். மாநிலம் எத்தனை? பதின்மூன்று. அப்படியானால் 26. மீதி 44 பேரை யார் நியமிக்கிறார்? மாமன்னர். சரி, கோலாலம்பூருக்கு இரண்டு பேர், லாபுவானுக்கும் புத்ராஜெயாவுக்கும் ஆளுக்கு ஒருவர். இவர்கள் 26-இல் வருவார்களா, 44-இலா? இங்கே கட்டாயம் வாக்குவாதம் நடக்கும். கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றமே கிடையாதே, பிறகு யார் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பிள்ளை கேட்டதும் பதில் தானாக வந்துவிடும்: 44-இல்தான். இருபது நிமிடம் ஆகும். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தைச் சுற்றி எப்படிக் கேள்வி வந்தாலும் அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆறு வாரத்தில் இப்படிப் பன்னிரண்டு விஷயம் நடத்த முடிந்தால் பெரிது. மற்றதைப் பட்டியலாகக் கொடுத்து வீட்டில் படிக்கச் சொல்லிவிடுங்கள்.

கட்டுரைக்கு வருவோம். நம் பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முதல் வாரம் தலைப்பு எதுவாக இருந்தாலும், ஆறில் நான்கு தாள் 'பட எரா குளோபலிசாசி இனி' என்று ஆரம்பிக்கும். உலகமயக் காலமான இன்று என்று அர்த்தம். இடைநிலைப்பள்ளியில் மனப்பாடம் செய்த வாசல்படி அது. குப்பை பிரிப்பதைப் பற்றிய கட்டுரையும் அதே வாசல்படி வழியாகத்தான் உள்ளே வரும். நான் முதல் பத்தியைக் கையால் மூடிவிட்டு, "இப்போது படி, தலைப்பு என்னவென்று தெரிகிறதா?" என்பேன். பாதிப் பேரின் கட்டுரையில் இரண்டாவது பத்தியிலும் தலைப்பு வந்திருக்காது. அந்த ஒரு செய்கை, பத்து நிமிடப் பாடத்தைவிட நன்றாக ஏறுகிறது.

பிழைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் முதலில் பிடியுங்கள்: 'டி'. இடத்தைக் குறித்தால் பிரித்து எழுத வேண்டும், 'டி பெஜாபாட்' என்பது அலுவலகத்தில். வினையோடு வந்தால் ஒட்டி எழுத வேண்டும், 'டிலக்சனாகான்' என்பது நிறைவேற்றப்பட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, சீனப்பள்ளிப் பிள்ளை என்றில்லை, மலாயில் நன்றாகப் பேசுகிறவர்களே இதை மாற்றி எழுதுவார்கள். காதில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் பேசும்போது தெரியாது. ஒரு தாளில் இது எட்டு இடத்தில் தவறியிருந்தால், கருத்து நன்றாக இருந்தாலும் திருத்துகிறவருக்கு மொழி வராதவர் என்ற எண்ணம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். இரண்டு வாரம் இதை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். மூன்றாவது வாரம் வட்டங்களை எண்ணுங்கள். குறையவில்லை என்றால் அந்தப் பிள்ளை நீங்கள் திருத்திய தாளைத் திறந்தே பார்க்கவில்லை என்று அர்த்தம், கண்டிப்பாகப் பேச வேண்டியது அப்போதுதான்.

ஆங்கிலப் பகுதியையும் கணக்குச் சிந்தனைக் கேள்விகளையும் நான் அதிகம் நடத்துவதில்லை. நேரம் வைத்துச் செய்யச் சொல்லி, தவறியதை மட்டும் பார்ப்பேன். அந்த இரண்டும் ஆறு சனிக்கிழமையில் பெரிதாக ஏறுகிற சமாச்சாரம் இல்லை. சேரும்போதே பெற்றோரிடம் அதைச் சொல்லிவிடுவேன்.

நேர்முகத்துக்கு ஒத்திகைதான் வகுப்பு. ஒருவருக்கு இருபது நிமிடம் கேள்வி, பத்து நிமிடம் பேச்சு. ஆறு பேர் என்றால் மூன்று மணி நேரம், ஒரு காலைப்பொழுது. இதிலும் பதினைந்து பேர் என்றால் ஏழரை மணி நேரம், மாலையில் உட்காருகிறவருக்கு உங்களிடம் கேள்வியே மிச்சம் இருக்காது. நீங்கள் மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைக்கு உங்களைத் தெரியும், பயம் வராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேரை, முடிந்தால் ஒரு மலாய்க்காரரை, ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். அந்த 80 வெள்ளியில் ஒரு பகுதி இதற்குத்தான்.

ஒத்திகையில் கவனிக்க வேண்டியது, விண்ணப்பித்த பதவியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது. பல பதவிக்குப் போட்டிருப்பார்கள், எதற்கு அழைப்பு வந்தது என்றே சிலருக்கு மறந்திருக்கும். பழைய குறிப்பை வைத்துப் படிக்கிற பிள்ளை பதவியின் தரத்தை இன்னும் 'என்19' என்று சொல்லும். 2024 டிசம்பர் 1-லிருந்து எஸ்எஸ்பிஏ என்ற புதிய சம்பள முறை வந்து அந்தத் தரம் 'என்1' ஆகிவிட்டது, பழைய 'என்29' இப்போது 'என்5'. நேர்முகத்தில் பழைய தரத்தைச் சொன்னால் தலை போகாது. ஆனால் தான் கேட்கிற வேலையின் விளம்பரத்தைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை என்பதை அவரே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிறது. உங்கள் கையில் இருக்கும் குறிப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், நீங்கள் யாரிடமிருந்தாவது வாங்கிய பழைய ஜெராக்ஸ் அதில் இருக்கலாம்.

அந்த 300 வெள்ளித் தாயாருக்கு முடியாது என்பதுதான் பதில். ஆன்லைன் தேர்வை வீட்டிலிருந்து எழுதுவதால் பக்கத்து நாற்காலி யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள். தெரிந்தால், பையனுக்கு ஒரு தேர்வு போகும், உங்களுக்கு வேலை போகலாம். ஒழுங்கு நடவடிக்கையில் பணிநீக்கம் வரை தண்டனை உண்டு. என்னிடம் இதையே கேட்ட ஓர் அப்பா, நான் மறுத்ததும் வேறு ஒருவரைப் பிடித்தார். பையன் தேறிவிட்டான். நேர்முக ஒத்திகைக்கு மறுபடியும் என்னிடமே கூட்டி வந்தார். "உங்கள் மாவட்டத்தில் ஓர் அலுவலகம், அங்கே என்ன வேலை நடக்கிறது, மலாயில் மூன்று வாக்கியம் சொல்லுங்கள்" என்றேன். முதல் வாக்கியத்தில் பாதி வந்தது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் 80 வெள்ளி வாங்கவில்லை, இரண்டு சனிக்கிழமையில் சரி செய்யக் கூடியதாக அது இல்லை.

தாயாரிடம் நேராக மறுக்கச் சங்கடமாக இருந்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, பக்கத்தில் உட்கார முடியாது. ஆனால் அதற்கு முந்தின வாரம் தம்பியை அனுப்புங்கள், அதே நேரத்தில், அதே கம்ப்யூட்டரில், கடிகாரம் வைத்து ஒரு முழு ஒத்திகை எழுத வைக்கிறேன். தனிக் காசு வேண்டாம்." பையனுக்கு உண்மையில் தேவைப்படுவதும் இதுதான். நிறையப் பேர் கேள்வி தெரியாமல் விழுவதில்லை. முதல் பகுதியிலேயே உட்கார்ந்துவிட்டு, கடைசிப் பகுதிக்கு நேரம் இல்லாமல் விழுகிறார்கள். வீட்டு வைஃபை அறுந்தால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு எப்படி மாறுவது என்பதையும் அந்த ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள்.

அப்புறம் 'சோஆலான் போச்சோர்', அதாவது கசிந்த கேள்வி என்று சொல்லி 50 வெள்ளிக்கு ஒரு கோப்பு வாட்ஸாப்பில் சுற்றும். உங்கள் பிள்ளைகளில் ஒருவராவது அதை வாங்கி வந்து காட்டுவார். திறந்து பார்க்காமல் அழிக்கச் சொல்லுங்கள். எஸ்பிஏவில் பதிவதற்குக் காசே கிடையாது, பதிந்து தருகிறேன் என்று கேட்கிறவரையும் நம்ப வேண்டாம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் எட்டு பேர். காசு வாங்கும் முன் எட்டுப் பேரின் எஸ்பிஎம் சான்றிதழையும் கொண்டு வரச் சொல்லுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். பெரும்பாலான பதவிகளுக்கு எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் கேட்பார்கள், விளம்பரத்தில் நிபந்தனையாகவே போட்டிருக்கும். அது இல்லாதவர் உங்கள் வகுப்பில் முதல் மாணவராக இருந்தாலும் பயனில்லை. எட்டில் ஒருவராவது அப்படி இருப்பார். அவரிடம் 150 வெள்ளி வாங்காதீர்கள். எஸ்பிஎம் மறுதேர்வில் மலாய்த் தாளை எழுதலாம், அதற்குப் பதிவது எப்படி என்று காட்டி, கட்டுரை நாளில் மட்டும் பின்வரிசையில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மீதி ஏழு பேரில் ஒருவர் மூன்றாவது வாரத்துக்குள் தானாக நின்றுவிடுவார். ஆறு நாற்காலி போதும்.